காந்தா போர்வை தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் காந்தா தைக்க வருகிறவர்கள் கொண்டுவந்து காட்டும் போர்வைகளில் அதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதில் பலவற்றை ஆரம்பத்தில் நானும் செய்திருக்கிறேன். தையல் கோணலாகப் போவது, முடிச்சு வெளியே தெரிவது, விரலில் ஊசி ஏறுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. கை பழகினால் அவை தானாகவே சரியாகிவிடும். மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்ததை மொத்தமாகப் பாழாக்குகிற தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காந்தா என்றதும் பூவும் யானையும் தாமரையும் நிறைந்த நக்ஷி காந்தாதான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே நான் பேசுவது சித்திரம் இல்லாத, வரிவரியாக ஓட்டுத்தையல் மட்டும் போட்ட மெல்லிய போர்வையைப் பற்றி. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் பழைய பருத்திப் புடவை, வேட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இப்படித் தைப்பார்கள். நடுவில் பஞ்சு கிடையாது. தோளில் போர்த்திக்கொள்ள இரண்டு அடுக்கு போதும், இரவில் போர்த்திக்கொள்ள மூன்று போதும். குளிர்காலத்துக்கு என்றால் இன்னும் சில அடுக்கு சேர்ப்பார்கள்.

## பழைய துணியோடு புதுத்துணியைச் சேர்ப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் செய்துவிடுகிறார்.

என்னிடம் பழகிய ஒரு பெண், அம்மாவின் பழைய கைத்தறிப் புடவை ஒன்றை எடுத்துப் போர்வை தைத்தாள். முந்தானைப் பக்கம் நைந்து கிழிந்திருந்ததால் அந்தப் புடவையில் இரண்டு அடுக்குதான் தேறியது. மூன்றாவதுக்குக் கடையிலிருந்து புது மல்மல் வாங்கி, துவைக்காமலே நடுவில் வைத்துவிட்டாள். உள்ளேதானே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். தையல் அருமையாக இருந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வரி, அரிசி அளவில் சீரான தையல். முடித்து ஒரு முறை துவைத்ததும் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அக்கா, தைக்கும்போது நல்லாதானே இருந்துச்சு, தண்ணியில போட்டதும் இப்படி ஆயிடுச்சு” என்றாள்.

விரித்துப் பார்த்தால், வரிகளுக்கு நடுவே மேல்துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. ஓரங்கள் உள்ளே இழுத்துக்கொண்டு அலை அலையாக நெளிந்தன. தரையில் எப்படிப் போட்டாலும் படியவில்லை.

காரணம் எளிமையானது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் இழுத்துக் கட்டிய நிலையில்தான் நெசவாகிறது. அதன்பின் கஞ்சி போட்டு, இழுத்துக் காயவைத்து, மடித்துக் கடைக்கு அனுப்புகிறார்கள். அந்த இழுவிசை துணிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முதல் முறை நன்றாக நனையும்போது நூல் உப்பி, இழுத்து வைத்த நிலை தளர்ந்து, துணி தன் இயல்பான அளவுக்குத் திரும்புகிறது. துவைக்காத பருத்தித்துணி நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை சுருங்குவது சாதாரணம். பெரும்பாலும் பாவு வாக்கில்தான் அதிகம் சுருங்கும். பல வருடம் துவைத்த புடவையோ சுருங்க வேண்டியதை எப்போதோ சுருங்கி முடித்திருக்கும்.

இப்போது அந்தப் போர்வைக்கு வாருங்கள். நீளம் 180 சென்டிமீட்டர். நடுவில் இருந்த மல்மல் நூற்றுக்கு நான்கு சுருங்கினால் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் குறைகிறது. மேலும் கீழும் இருக்கிற புடவைத்துணி அப்படியே 180 இருக்கிறது. மூன்றையும் தையல் பிடித்து வைத்திருப்பதால், மிஞ்சிய அந்த ஏழு சென்டிமீட்டரும் ஒவ்வொரு தையலுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பித்தான் ஆக வேண்டும். ஓரத்தில் மடித்துத் தைத்திருப்பதால் அங்கே எழும்பவும் வழியில்லை, நெளிந்துவிடுகிறது.

காந்தா என்றாலே சுருக்கம் இருக்கத்தானே செய்யும் என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அது வரி வாக்கில், கை வைத்தால் மெத்தென்று அமுங்குகிற சின்னச் சின்ன அலை. எல்லா அடுக்கும் சேர்ந்தே அலையும். கோளாறான போர்வையில் மேல்துணி மட்டும் தனியாகத் தொளதொளவென்று இருக்கும். இரண்டு விரலால் மேல்துணியைக் கிள்ளினால் உள்ளடுக்கு வராமல் அது மட்டும் கையோடு வரும். இரண்டையும் இப்படித்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

அதைச் சரிசெய்ய முடியாது. ஈரமாக இருக்கும்போது இழுத்துப் பின் குத்திக் காயவைத்தால் ஓரளவு படியும், அடுத்த துவைப்பில் பழையபடி ஆகிவிடும். தையலை முழுக்கப் பிரித்தால் பழைய துணியில் ஊசி போன இடமெல்லாம் ஓட்டை தெரியும், சில இடங்களில் கிழியவும் செய்யும். கடைசியில் அந்தப் பெண் அதை வெட்டித் தலையணை உறைகளாக்கினாள். அம்மாவின் புடவை என்பதால்தான் எனக்கும் அவ்வளவு வருத்தம்.

இத்தனைக்கும் இதைத் தவிர்ப்பது சுலபம். ஒரே புடவையில் தைப்பதுதான் சிறந்த வழி. ஐந்தரை மீட்டர்ப் புடவையைக் குறுக்கே மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 180 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். மூன்று துண்டும் ஒரே நெசவு, ஒரே வயசு, ஒரே மாதிரி துவைத்தவை. பாவும் மூன்றிலும் ஒரே திசையில் ஓடும். கரை ஓடுகிற திசைதான் பாவின் திசை. துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு துண்டை மட்டும் திருப்பி வைக்காதீர்கள். நைந்த துண்டை நடுவில் வைத்து, உறுதியானவற்றை வெளியே வையுங்கள். எது உறுதி என்பதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாலே தெரியும். சந்தேகமாக இருந்தால் இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள், கரகரவென்று சத்தம் கேட்டால் அது உள்ளடுக்குக்குத்தான்.

புதுத்துணிதான் இருக்கிறது என்றால் ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறவிட்டுக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். கஞ்சி போகாத துணியில் ஊசியும் இறங்காது, அடுக்கு எவ்வளவு கனம் என்பதும் தெரியாது. அப்புறம் துணியின் நடுவில் பாவு வாக்கில் 50 சென்டிமீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் கலர் நூலால் ஒரு தையல் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஓடும் ஊடை வாக்கிலும் அதே போல. சுடுதண்ணீரில் துவைத்து, வெயிலில் காயவைத்து, இழுக்காமல் இஸ்திரி போட்டு மறுபடி அளங்கள். ஐம்பது நாற்பத்தெட்டு ஆகியிருந்தால் இன்னொரு முறை துவையுங்கள். அளவு மாறாமல் நிற்கும்வரை துவைத்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். “இது சுருங்காத துணி” என்று கடைக்காரர் சொன்னாலும் அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம்.

எல்லா அடுக்கும் ஒரே தானில் வாங்கிய புதுத்துணி என்றால் துவைக்காமல் தைத்தாலும் பெரிய சேதம் வராது. எல்லாம் சேர்ந்து சுருங்கும், போர்வை சின்னதாகும், அவ்வளவுதான். சுருங்குவதில் தப்பில்லை, ஆளுக்கொரு அளவில் சுருங்குவதுதான் ஆபத்து.

## நடுவில் பஞ்சோ பாலியெஸ்டர் விரிப்போ வைப்பது

வேண்டாம். அதற்குப் பெயர் ரஜாய், காந்தா இல்லை.

## தற்காலிகத் தையல் போடாமல் ஆரம்பிப்பது

குண்டூசி குத்தியிருக்கிறேனே என்பார்கள். மடியில் வைத்துத் திருப்பித் திருப்பித் தைக்கிற வேலை இது. நாலு வரி போவதற்குள் ஊசி கழன்றுவிடும், கீழ்த்துணி எங்கேயோ நகர்ந்திருக்கும்.

வங்கத்துக் கிராமங்களில் முற்றத்திலோ திண்ணையிலோ துணிகளை விரித்து, சுருக்கம் நீக்கி, பெரிய பெரிய தையலாக ஓட்டிக்கொண்ட பிறகுதான் மடித்து எடுத்து வைப்பார்கள். அப்புறம் வேலை ஓய்ந்த நேரங்களில் உட்கார்ந்து தைப்பார்கள். அந்த முதல் நாள் வேலையை யாரும் அவசரப்பட்டுச் செய்வதில்லை.

வழவழப்பான தரையைத் துடைத்துவிட்டு அடித்துணியை விரித்து, நாலு ஓரத்தையும் காகித டேப்பால் ஒட்டுங்கள். துணி படிந்திருக்க வேண்டும், விறைப்பாக இழுபடக்கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது மட்டும் சுருங்கிக்கொள்ளும், மேலே சொன்ன கதைதான் வேறு வழியில் வரும். ஒவ்வொரு துணியையும் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிவிடுங்கள். பிறகு வெள்ளை நூலில், விரல் நீளத் தையலாக, நடுவில் ஆரம்பித்து வெளியே வாருங்கள். நீளவாக்கிலும் குறுக்கிலும் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு வரி போதும். கறுப்பு, சிவப்பு நூல் வேண்டாம், பிரித்த பிறகும் துணியில் அதன் தூசு நிற்கும். நிரந்தரத் தையல் கடந்து போன இடத்தில் மட்டும் இதைப் பிரித்துக்கொண்டே வர வேண்டும்.

## எம்பிராய்டரி வளையத்தில் மாட்டுவது

அடுக்குத் துணிக்கு வளையம் கூடாது. மேல்துணியை மட்டும் இழுத்துவிடும்.

## நூலை இறுக்குவது

ஓட்டுத்தையல் என்பதால் ஊசியில் ஏழெட்டுத் தையலைக் கோத்து ஒரே இழுப்பாக இழுப்போம். அந்த இழுப்பில்தான் இறுக்கம் வருகிறது. வரி முடிந்ததும் கட்டைவிரலால், தைத்து வந்த திசையிலேயே, வரியை ஒரு முறை நீவிவிடுங்கள். அடைந்து நின்ற துணி நூல்மேல் ஓடிச் சீராகப் பரவும். நூல் முனையில் உடனே முடிச்சுப் போடாமல் கொஞ்சம் தொங்கவிட்டுவிட்டு, அடுத்த இரண்டு வரி தைத்து, நீவிப் பார்த்து, அப்புறம் முடியுங்கள். கைப்பிடி அகலம் தைத்ததும் தரையில் விரித்துப் பாருங்கள். தைத்த பகுதி பக்கத்துத் துணியைவிடக் குறுகி, ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் கை இறுக்கம்தான்.

வரிகளையும் நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் வெளியே கொண்டுபோனால், மிச்சத் துணி ஓரத்துக்குத் தள்ளப்படும். நாலு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டச் சொல்வது அதற்காகத்தான். ஓரத்தைக் கடைசியில் அளந்து வெட்டி, உள்ளே மடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

## பாலியெஸ்டர் நூல்

அறுபடாது, உண்மை. ஆனால் நைந்த பழைய பருத்தியை அது அறுத்துவிடக்கூடும். பருத்தி எம்பிராய்டரி நூலில் ஆறு இழையில் இரண்டைப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

## சாயம் பார்க்காமல் நூல் வாங்குவது

அந்தக் காலத்தில் பழைய புடவையின் கரையிலிருந்து கலர் நூலை உருவி எடுத்துத்தான் காந்தா தைத்தார்கள். போக வேண்டிய சாயம் புடவையாக இருந்தபோதே போயிருக்கும், வெள்ளை வேட்டியில் தைத்தாலும் கறை இறங்காது. நாம் கடையில் வாங்குகிற கருஞ்சிவப்புக்கும் கருநீலத்துக்கும் அந்த உத்தரவாதம் இல்லை. ஒரு முழம் நூலை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். லேசாக நிறம் பிடித்தாலும் அந்த நூல்கண்டை முழுக்கத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மறுபடி சோதியுங்கள். இரண்டாவது முறையும் இறங்கினால் அது கருமையான துணிக்குத்தான் ஆகும். மதுரைச் சுங்குடி போன்ற ஆழ்ந்த நிறப் புடவையை வெளிர் துணியோடு அடுக்குகிறவர்கள் புடவைக்கும் இதே சோதனையைச் செய்துகொள்ளுங்கள், அலசுகிற தண்ணீர் தெளியும்வரை அதை அடுக்கில் சேர்க்க வேண்டாம்.