வியட்நாம் ஃபின் காபி: சொட்டு சொல்லும் தவறுகள்

வியட்நாமில் காபிக் கோப்பையின் மேல் நேராக அமர்த்தப்படும் சிறு உலோக வடிகட்டிக்கு ஃபின் என்று பெயர். துளைகள் இட்ட அடித்தட்டு, தூளைத் தாங்கும் சிறு குவளை, தூளின் மேல் வைக்கும் துளைத்தட்டு, மூடி ஆகிய நான்கு பாகங்களே அதில் உண்டு. காகித வடிகட்டி கிடையாது. இவ்வளவு எளிய கருவியில் காபி கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: தண்ணீர் தூளின் வழியே இறங்கும் வேகத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவது.

நம் வீட்டு பில்டரில் பழகியவர்கள் செய்யும் முதல் தவறு, அதே தூளை ஃபினில் போடுவது. நம் பில்டரில் டிகாக்ஷன் இறங்க நீண்ட நேரம் காத்திருக்கிறோம். ஆகவே நைசாக அரைத்த, சிக்கரி கலந்த தூள் அதற்குப் பொருந்துகிறது. ஃபினில் எல்லாம் ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் முடிந்தாக வேண்டும். நைசான தூள் அடித்தட்டின் துளைகளை அடைத்துக்கொள்ளும். துளையில் நுழையும் அளவு நுண்ணிய தூளோ கோப்பையின் அடியில் மண்டியாகத் தங்கும். விரலால் தேய்த்தால் மணல் போல் நெருடும் பதத்தில், சிக்கரி இல்லாமல் அரைத்து வாங்குவதே சரி. வியட்நாமில் பெரும்பாலும் பயன்படுவது கறுக்க வறுத்த ரொபஸ்டா வகைக் காபிக்கொட்டை. அதன் கசப்பும் கனமும் அங்கே காபியில் சேர்க்கும் கண்டென்ஸ்டு மில்க்கின் இனிப்புக்கு ஈடுகொடுக்கும். இளவறுப்பு அராபிகா அந்த இனிப்பில் காணாமல் போய்விடும்.

இரண்டாவது தவறு மேல்தட்டை அழுத்துவது. தட்டு தூளைச் சமமாகப் பிடித்து வைக்கவும், ஊற்றும் தண்ணீர் தூளைக் கிளறாமல் காக்கவும்தான் இருக்கிறது. கரண்டியால் அழுத்தினாலோ, திருகு வகைத் தட்டை இறுக்கி முடுக்கினாலோ, ஊறி உப்பும் தூளுக்கு இடமே இல்லாமல் போய் ஓட்டம் நின்றுவிடும்.

மூன்றாவதாக, வெந்நீர் முழுவதையும் ஒரே மூச்சில் ஊற்றுவது. காய்ந்த தூள் முதலில் சிறிது நீரைக் குடித்து, உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றி, சீராக உப்ப வேண்டும். அதற்குள் நீர் மொத்தமும் மேலே நின்றால், அது இளகிய இடம் பார்த்து ஒரு பக்கமாக வழி செய்துகொண்டு ஓடிவிடும். மற்ற பக்கத்துத் தூள் சாரம் இறங்காமலே கிடக்கும்.

ஒரு கோப்பைக்கான கணக்கைப் பார்க்கலாம். கோப்பையில் இரண்டு மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க் விட்டு, வெந்நீரில் அலசிய ஃபினை அதன் மேல் வையுங்கள். தூள் 20 கிராம் போட்டு, மெல்லத் தட்டிச் சமப்படுத்தி, மேல்தட்டை வையுங்கள். கொதித்து இறக்கிச் சற்றே ஆறிய நீரில் 25 மில்லி ஊற்றி, அரை நிமிடத்துக்கு மேல் விட்டு, பிறகு 90 மில்லி ஊற்றி மூடுங்கள். தூள் தன் எடையைப் போல் இரு மடங்கு நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும் என்பதால், கீழே 75 மில்லி அளவே இறங்கும். அது குறைவாகத் தெரிகிறதென்று மேலும் நீர் ஊற்றுவோர் பலர். பின்னால் இறங்குவது வெறும் கசப்பு கலந்த வெளிறிய நீர்தான். நல்ல சாரமெல்லாம் முன்பே இறங்கிவிட்டிருக்கும்.

இனி சொட்டைக் கவனியுங்கள். இரண்டாம் முறை ஊற்றிய பின் சொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஆனால் எண்ணக்கூடிய வேகத்தில் விழ வேண்டும். நூலாக ஒழுகி இரண்டு நிமிடத்தில் முடிந்தால் தூள் பருமனாக இருக்கிறது, அல்லது குறைவாகப் போட்டிருக்கிறீர்கள். பத்து நிமிடமாகியும் நீர் மேலேயே நின்றால், திருகுத் தட்டை அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். திருகில்லாத தட்டானால் அன்றைய காபியை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த முறை தூளைப் பருமனாக்குவதே வழி. இடையில் கரண்டியால் கிளறினால் நுண்தூள் அடியில் படிந்து அடைப்பு மேலும் கூடும். அரைப்பு சரியாக இருந்தும் நாளடைவில் ஓட்டம் குறைந்தால், துளைகளில் காபி எண்ணெய் படிந்திருக்கும்; வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் கொண்டு பழைய பல் துலக்கியால் தேய்த்தால் திறந்துகொள்ளும்.

கடைசித் தவறு பாலில் நேர்வது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பசும்பால் அரிதாக இருந்ததால் கண்டென்ஸ்டு மில்க் என்னும் டப்பாப் பால் அங்கே வழக்கமானது. இன்று பசும்பால் கிடைத்தாலும், சர்க்கரை சேர்த்த பசும்பாலால் அந்தக் கெட்டித்தன்மையைத் தர முடியாது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த டப்பாவை அப்படியே பயன்படுத்தினால், 75 மில்லி காபி உடனே ஆறிவிடும். சூடாகக் குடிப்பதானால் கோப்பையை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வடிப்பது நல்லது. காபியைவிடக் கனமான இந்தப் பால் அடியிலேயே தங்குமாதலால், கரண்டி அடியைத் தொடும்படி நன்றாகக் கலக்க வேண்டும். ஐஸ் சேர்ப்பதும் இதற்குப் பிறகுதான்: கலக்கும் முன் ஐஸைப் போட்டால் பால் குளிர்ந்து இறுகி, அடியில் ஒட்டிக்கொண்டு கரைய மறுக்கும்.