2ⁿ எந்த இடத்தில் n¹⁰-ஐ முந்துகிறது? அடுக்குக்குறிச் சார்பும் மடக்கையும்: எல்லைக் கணக்கு, படிப்படியாக

கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் டியூஷன் வரும் ப்ளஸ் டூ பிள்ளைகளில் சிலர் கேரளப் பாடத்திட்டம், சிலர் வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் படிப்பவர்கள். புத்தகம் வேறு என்றாலும் சந்தேகம் ஒன்றுதான்: "n → ∞ ஆகும்போது n¹⁰/2ⁿ பூஜ்யத்துக்குப் போகுதுன்னு எழுதிட்டோம் சார், ஆனா கால்குலேட்டர்ல போட்டா மேல மேலதான் ஏறுது!"

கால்குலேட்டர் பொய் சொல்லவில்லை. n = 2 என்றால் 2ⁿ வெறும் 4, n¹⁰ அதற்குள் 1024. n = 10 என்றால் 1024-க்கு எதிரே ஆயிரம் கோடி நிற்கிறது. இங்கே நின்று பார்த்தால் யாருக்குமே நம்பிக்கை வராது. அதனால் இரண்டின் மதிப்புகளை ஒப்பிடுவதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். n ஒன்று கூடும்போது ஒவ்வொன்றும் எத்தனை மடங்காகிறது என்று மட்டும் பார்ப்போம்.

படி 1: ஒரு அடிக்கு எத்தனை மடங்கு?

2ⁿ-க்கு யோசிக்கவே வேண்டாம். n ஒன்று கூடினால் அது இரண்டு மடங்கு; n = 5 ஆனாலும் 5000 ஆனாலும் அதேதான். n¹⁰ அப்படியில்லை:

```
(n+1)^10 / n^10 = (1 + 1/n)^10
```

n = 1 என்றால் இது 1024 மடங்கு. n = 25 என்றால் 1.04¹⁰, அதாவது சுமார் 1.48 மடங்கு. n = 100 என்றால் 1.01¹⁰, சுமார் 1.105 மடங்கு. n பெருகப் பெருக 1/n தேய்கிறது, அதனால் இந்த மடங்கு 1-ஐ நோக்கி இறங்குகிறது.

வட்டிக் கணக்காக நினைத்துப் பாருங்கள். 2ⁿ மாறாத வட்டிக்குப் போட்ட பணம். n¹⁰-க்கு முதலில் வட்டி கண்டபடி அதிகம், ஆனால் தவணைக்குத் தவணை வட்டி விகிதம் குறைந்துகொண்டே பூஜ்யத்தை நெருங்குகிறது. ஆரம்பத்தில் சேர்த்த முதல் எவ்வளவு பெரிதானாலும் மாறாத வட்டி ஒருநாள் அதைப் பிடித்துவிடும். முழு நிரூபணமும் இதற்குள்தான் இருக்கிறது. இனி அதை எண்களில் எழுதினால் போதும்.

படி 2: விகிதத்தைப் பின்தொடர்வது

aₙ = n¹⁰/2ⁿ என்று வைத்துக்கொள்வோம். அடுத்த உறுப்பை இந்த உறுப்பால் வகுத்தால்:

```
a(n+1) / a(n) = (1 + 1/n)^10 / 2
```

இது 1-ஐ விடப் பெரிதாக இருக்கும்வரை aₙ ஏறும், சிறிதானதும் இறங்கத் தொடங்கும். n = 13-ல் மேலே உள்ள (14/13)¹⁰ சுமார் 2.10, ஆகவே இன்னும் ஏற்றம்தான். n = 14-ல் (15/14)¹⁰ சுமார் 1.994, இரண்டுக்குக் கீழே வந்துவிட்டது. ஆக a₁₄-தான் உச்சி. அதன் மதிப்பு 7¹⁰/16, சுமார் 1 கோடியே 76 லட்சம். பிள்ளைகள் பெரும்பாலும் இந்த ஏற்றத்திலேயே எங்கோ நின்று விடையைச் சந்தேகப்படுகிறார்கள்.

n = 25-ல் விகிதம் 1.48/2 = 0.74. அதற்குப் பிறகு விகிதம் குறையுமே தவிர ஏறாது. எனவே 25-லிருந்து ஒவ்வொரு அடியிலும் aₙ முக்கால் பங்குக்கும் கீழே சுருங்குகிறது:

```
a(25+k) < a(25) × (3/4)^k
```

a₂₅ சுமார் 28 லட்சம். அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் மாறாத எண். (3/4)ᵏ பூஜ்யத்துக்குப் போகிறது. ஆக aₙ → 0. லோபிதாள் விதி இதில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

10 என்ற இடத்தில் எந்த நிலையான m-ஐப் போட்டாலும், 2 என்ற இடத்தில் 1-ஐ விடப் பெரிய எந்த b-ஐப் போட்டாலும் இதே வழிதான். (1 + 1/n)ᵐ → 1, எனவே விகிதம் 1/b-ஐ நோக்கிப் போகும், அது 1-ஐ விடச் சிறியது. பல்லுறுப்புக் கோவை என்றால் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே bⁿ-ஆல் வகுங்கள், எல்லாமே பூஜ்யத்துக்குப் போகும். m நிலையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். அடுக்கும் n-உடன் வளர்ந்தால், உதாரணமாக nⁿ என்றால், இந்த வாதம் நிற்காது.

n முழு எண்ணாக இல்லாமல் மெய்யெண் x ஆனால்? x, n-க்கும் n+1-க்கும் நடுவில் இருந்தால், x¹⁰/2ˣ என்பது (n+1)¹⁰/2ⁿ-ஐத் தாண்டாது. அது 2aₙ₊₁-தான். அதுவும் பூஜ்யத்துக்குப் போவதால் வேலை முடிந்தது.

படி 3: முந்தும் இடத்தைக் கண்டுபிடிப்பது

பெரிய n-க்குக் கால்குலேட்டர் திரை தாங்காது. மடக்கை எடுத்துவிடுங்கள். log 2 = 0.3010 என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஒப்பிட வேண்டியது இவ்வளவுதான்:

```
0.3010 × n    எதிர்    10 × log n
n = 58 :  17.46   <   17.63
n = 59 :  17.76   >   17.71
n = 100:  30.10   >   20
```

ஆக 59-ல் முந்துகிறது, பிறகு திரும்பிப் பார்ப்பதே இல்லை. n = 100-க்குள் இரண்டுக்கும் இடையே பத்து இலக்க வித்தியாசம் வந்துவிடுகிறது. (n = 1-லும் 2ⁿ பெரியதுதான், 2-க்கு எதிரே 1. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.)

அடிமானம் 1-ஐ ஒட்டி இருந்தால் பொறுமை வேண்டும். 1.01ⁿ-ஐயும் n²-ஐயும் எடுங்கள். n = 1000-ல் 1.01ⁿ சுமார் 21 ஆயிரம், n² பத்து லட்சம். இங்கே நிறுத்தினால் தப்பான முடிவுக்கு வருவோம். n = 1466-ல்தான் முந்துகிறது. n = 2000-ல் ஒன்று சுமார் 44 கோடி, மற்றது 40 லட்சம். எல்லை "கடைசியில்" என்ன ஆகும் என்று சொல்லும். எப்போது என்று சொல்லாது.

படி 4: மடக்கைக்குத் திருப்புவது

(ln x)/xᵖ, p > 0, x → ∞. x = eᵗ என்று மாற்றினால் இது t/eᵖᵗ ஆகிவிடும். மேலே t-யின் முதல் அடுக்கு, கீழே அடுக்குக்குறிச் சார்பு. எனவே விடை 0. p = 0.1 ஆனாலும் அப்படியே, ஆனால் x⁰·¹ கடைசியாக ln x-ஐ முந்துவது x சுமார் 3.4 × 10¹⁵ வந்த பிறகுதான்! வரைபடம் போட்டுப் பார்த்து முடிவு சொன்னால் இதில் தோற்றுப்போவோம்.

x → 0⁺ ஆகும்போது x ln x கேட்டால் x = e⁻ᵗ என்று வையுங்கள். −t/eᵗ கிடைக்கும், விடை 0. இதற்கு லோபிதாள் விதி போட நினைப்பவர்கள் ln x-ஐ மேலே வைத்து (ln x)/(1/x) என்று எழுத வேண்டும். மாற்றி x/(1/ln x) என்று எழுதினால் வகையிட்ட பின் −x(ln x)² வரும், முன்பைவிட மோசம். ஒவ்வொரு தடவையும் மடக்கையின் அடுக்கு ஏறுகிறது என்றால் பக்கம் மாற்றி வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இதிலிருந்து xˣ-ம் இலவசமாகக் கிடைக்கிறது. xˣ = e^(x ln x), அடுக்கு பூஜ்யத்துக்குப் போவதால் எல்லை 1. x = 0.001 போட்டுப் பாருங்கள்: 0.9931 வரும்.