ஆண்டை அப்படியே போடாதீர்கள், சராசரியைக் கழித்துவிட்டுப் பொருத்துங்கள்

2001 முதல் 2020 வரையிலான தரவுக்கு நேர்கோடு பொருத்தும்போது, ஆண்டிலிருந்து சராசரியான 2010.5-ஐக் கழித்துவிட்டு `AᵀAx = Aᵀb` சமன்பாட்டைத் தீருங்கள். `A`-வில் ஒன்றுகள் ஒரு நிரல், ஆண்டுகள் இன்னொரு நிரல்; `b` அளந்த மதிப்புகள், `x` நாம் தேடும் வெட்டுத்துண்டும் சாய்வும்.

பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகையை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் சிறிதாக்கும்போது, அந்தக் கூட்டுத்தொகையின் சரிவு பூஜ்யமாகும் இடத்தைத் தருவதுதான் இந்தச் சமன்பாடு. கூட்டுத்தொகையை ஒரு பரப்பாக நினைத்தால், அந்தப் பரப்பின் வளைவைச் சொல்வது `AᵀA`. அதன் நிலை எண், அதாவது சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு வரை பெருகலாம் என்ற அளவு, `A`-இன் நிலை எண்ணுக்கு வர்க்கம். ஆண்டை அப்படியே வைத்தால் அது சுமார் 5×10¹¹. பரப்பு ஒரு திசையில் கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். கணினியின் 16 இலக்கத் துல்லியத்தில் 12 வரை பறிபோகலாம். கழித்தபின் நிலை எண் வெறும் 33.25. விடையில் கோட்டின் சாய்வு மாறாது, வெட்டுத்துண்டு மட்டும் 2010.5-க்கான மதிப்பாகிவிடும்.

இருபடி வளைவு என்றால் கழிக்காத நிலை எண் 10¹⁶-ஐயும் தாண்டும். அங்கே கழிப்பதோடு, `AᵀA`-வை உருவாக்காமலே தீர்க்கும் `np.linalg.lstsq(A, b)` இன்னும் பத்திரம்.

ஒரே வெப்பநிலையைச் செல்சியஸிலும் ஃபாரன்ஹீட்டிலும் இரண்டு நிரல்களாகப் போட்டிருந்தால் இது உதவாது. கோளாறு தரவிலேயே இருக்கிறது. ஒரு நிரலை நீக்கத்தான் வேண்டும்.