முதன்முறையாக வகுப்பு கைவிட்டுப் போன நாளில் மீள்சிந்தனைக் குறிப்பு எழுதுவது எப்படி?

பி.எட். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளி செல்லும் மாணவ ஆசிரியர்கள் பாடத்திட்ட ஏட்டோடு மீள்சிந்தனைக் குறிப்பேடு ஒன்றையும் எழுதிக் கையொப்பம் பெற வேண்டியிருக்கிறது. வகுப்பு நன்றாக நடந்த நாளில் இந்தக் குறிப்பை எழுதுவது எளிது. முதன்முறையாகச் சிரமப்பட்ட நாளில்தான் பலரும் 'மாணவர்கள் ஒத்துழைக்கவில்லை, வகுப்பு கட்டுப்பாட்டில் இல்லை, அடுத்த முறை நன்றாகத் தயாரித்துச் செல்வேன்' என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். நடந்தது எது என்று தெரிவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுவதால், இந்த மூன்று வரியைக் கொண்டு மறுநாள் எதையும் மாற்ற முடியாது.

சென்னையில் ஓர் உதவிபெறும் பள்ளியின் ஆறாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். மதிய உணவுக்குப் பின் முதல் பீரியட், 40 நிமிடம், பகுதி வேறுபட்ட பின்னங்களைக் கூட்டுவது பாடம். பயிற்சி ஆசிரியை ஒருவர் இந்த வகுப்பைப் பற்றி எப்படி எழுதலாம் என்று படிப்படியாகப் பார்ப்போம். வகுப்பு கற்பனைதான் என்றாலும், இதில் வரும் பிழை எந்த ஆறாம் வகுப்பிலும் காணக் கிடைப்பது.

முதல் படி: அன்றைக்கே நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்

முழுக் குறிப்பை இரவில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் மூலக் குறிப்பு அடுத்த பீரியடிலோ, வீடு திரும்பும் கடற்கரை–தாம்பரம் மின்ரயிலிலோ எழுதப்பட்டாக வேண்டும். மறுநாள் வரை தள்ளிப்போட்டால் சத்தம் மட்டுமே நினைவில் மிஞ்சும், அந்தச் சத்தம் எப்போது தொடங்கியது என்பது மறந்துபோகும். முழு வாக்கியம் தேவையில்லை. நம் ஆசிரியையின் குறிப்பு இப்படி இருக்கலாம்:

> 5 முதல் 18 நிமிடம் வரை: கரும்பலகையில் 1/2 + 1/3. மீ.பொ.ம. 6. விடை 5/6.
> 18: "புரியுதா?" என்றேன். "புரியுது மிஸ்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.
> 20: 1/4 + 2/3 செய்யச் சொன்னேன்.
> 23: மூன்றாம் பெஞ்சில் 3/7 என்ற விடை. பார்த்த நான்கு நோட்டில் மூன்றில் அதுவே.
> 25: அதே கணக்கை மறுபடி, சத்தமாக, விளக்கினேன்.
> 29: கடைசி இரண்டு பெஞ்சில் பேச்சு.
> 31: டஸ்டரால் மேசையைத் தட்டினேன். சற்று அமைதி, பிறகு மறுபடி சத்தம்.
> 40: மணி அடித்த பிறகு வீட்டுப்பாடம் சொன்னேன், பாதிப் பேர் எழுதவில்லை.

'அடங்காத மாணவன்', 'மந்தமான வகுப்பு' போன்ற சொற்கள் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டுமே உள்ளன. குழந்தைகளின் பெயரும் இல்லை. பேராசிரியர், தலைமை ஆசிரியர் எனப் பலர் கைக்குப் போகும் ஏடு என்பதால் 'மூன்றாம் பெஞ்சு மாணவி' என்று எழுதினால் போதும்.

இரண்டாம் படி: வகுப்பு திரும்பிய இடத்தைத் தேடுங்கள்

எழுதுபவர் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். குறிப்பை மேலிருந்து கீழே படித்து, எது முதலில் நடந்தது என்று பாருங்கள். பேச்சு தொடங்கியது 29ஆம் நிமிடத்தில். தவறான விடை கண்ணில் பட்டதோ 23ஆம் நிமிடத்தில். அதாவது, சத்தத்தால் பாடம் கெட்டதாக இந்தக் குறிப்பு காட்டவில்லை. பாடம் புரியாமல் போன பிறகே சத்தம் வந்திருக்கிறது. 'வகுப்பு கட்டுப்பாட்டில் இல்லை' என்று எழுதியிருந்தால் அடுத்த பாடத்துக்கு அமைதிப்படுத்தும் உத்திகளைத் தேடியிருப்பார், 3/7 அப்படியே நின்றிருக்கும்.

இனி அந்த 3/7 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். தொகுதியோடு தொகுதியையும் (1 + 2) பகுதியோடு பகுதியையும் (4 + 3) கூட்டியிருக்கிறார்கள். பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல், மேலும் கீழுமாக எழுதிய இரண்டு முழு எண்களாகப் பார்த்திருக்கிறார்கள். சரியான விடை 3/12 + 8/12 = 11/12. 3/7 என்பது பாதியைவிடக் குறைவு. கூட்டப்பட்ட 2/3 பாதியைவிட அதிகம். இரண்டைக் கூட்டிய பிறகு விடை அவற்றில் ஒன்றைவிடச் சிறியதாக வந்திருப்பது மாணவர்களை உறுத்தவில்லை என்றால், மீ.பொ.ம. காணும் முறையை எத்தனை முறை உரக்கச் சொன்னாலும் பயன் குறைவுதான்.

அடுத்து, பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முன்னறிவைச் சோதிக்கும் பகுதியில் 'தொகுதி எது, பகுதி எது?' என்று மட்டும் கேட்டிருந்தால், அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லும் மாணவியே 3/7 என்றும் எழுத முடியும். ஆகவே அந்தக் கேள்வி எதையும் சோதிக்கவில்லை. 'புரியுதா?' என்பதும் அப்படித்தான். நம் வகுப்புகளில் அதற்கு ஒரே குரலில் வரும் பதில், பெரும்பாலும் ஆசிரியருக்குக் காட்டும் மரியாதை.

மூன்றாம் படி: உணர்வைச் சுருக்கமாக எழுதுங்கள்

பல கல்லூரிகளில் பின்பற்றப்படும் கிரகாம் கிப்ஸின் 1988ஆம் ஆண்டு மீள்சிந்தனைச் சுழற்சியில் நிகழ்வு விவரிப்பை அடுத்து வருவது உணர்வுதான். அதைத் தவிர்க்க வேண்டாம், ஆனால் ஒரு பக்கத்துக்கு நீட்டவும் வேண்டாம். 'அவமானமாக இருந்தது' என்பதோடு நிறுத்தாமல், அந்த உணர்வு உங்களை என்ன செய்ய வைத்தது என்பதையும் எழுதுங்கள். நம் ஆசிரியை எழுதக்கூடியது: 'பின்னால் வழிகாட்டி ஆசிரியர் அமர்ந்திருந்ததால் பதற்றப்பட்டேன். அதனால் 3/7 எப்படி வந்தது என்று அந்த மாணவியைக் கேட்காமல் கரும்பலகைக்குத் திரும்பிவிட்டேன்.' இந்த இரண்டு வாக்கியம் போதும்.

நான்காம் படி: இன்னொரு கண்ணின் சாட்சியைச் சேருங்கள்

வழிகாட்டி ஆசிரியரிடம் 'வகுப்பு எப்படி இருந்தது சார்?' என்று பொதுவாகக் கேட்டால் 'போகப் போகச் சரியாயிடும்மா' என்றுதான் பதில் வரும். 'எத்தனையாவது நிமிடத்தில் பிள்ளைகள் என்னைவிட்டு விலகினார்கள் சார்?' என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் கணிப்புக்கு மாறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், சமரசம் செய்ய வேண்டாம். உங்கள் சான்றின் எல்லையையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்: நான்கு நோட்டைப் பார்த்துவிட்டு வகுப்பு முழுவதற்கும் புரியவில்லை என்று எழுதக் கூடாது.

ஐந்தாம் படி: ஒரே ஒரு மாற்றத்தை எழுதுங்கள்

'துணைக்கருவிகளை அதிகம் பயன்படுத்துவேன்' என்பது திட்டமாகாது, ஏனெனில் செய்தீர்களா இல்லையா என்று யாரும் சரிபார்க்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

> அடுத்த வகுப்பில் கணக்கைத் தொடங்கும் முன், '1/4 + 2/3 என்பதன் விடை 2/3ஐவிடப் பெரியதா, சிறியதா?' என்று கேட்டு, பேசாமல் நோட்டில் எழுதச் சொல்வேன். முன், நடு, கடைசி வரிசைகளில் இரண்டிரண்டு நோட்டாக ஆறு நோட்டைப் பார்ப்பேன். மூன்று பேருக்கு மேல் தவறாக எழுதியிருந்தால் மீ.பொ.ம. பக்கம் போகாமல், 12 சமபாகமாக மடித்த காகிதப் பட்டையில் 3 பாகத்தையும் 8 பாகத்தையும் வண்ணமிட்டுக் காட்டுவேன்.

கல்லூரி அச்சிட்ட படிவம் கொடுத்திருந்தால், இதே செய்திகளை அதன் தலைப்புகளுக்குக் கீழே பிரித்து எழுதிக்கொள்ளலாம். நிமிடக் குறிப்பை மட்டும் நீக்கிவிடாதீர்கள். திட்டத்துக்குக் கீழே நான்கைந்து வரி வெற்றிடம் விட்டு, ஏட்டைக் கையொப்பத்துக்குக் கொடுங்கள். அடுத்த பின்ன வகுப்பு முடிந்ததும், அந்த ஆறு நோட்டில் என்ன எழுதியிருந்தது என்பதைத் தேதியிட்டு அதே இடத்தில் நிரப்புங்கள்.