குடிநீர்த் திட்ட பட்ஜெட்: பம்ப் பழுதாகும் ஆறாவது ஆண்டை மறந்துவிடாதீர்கள்

மியான்மரின் பெகு, தட்டோன் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் குழாய்க்கிணறும் சோலார் பம்பும் வைத்துக் குடிநீர் கொடுக்கத் திட்டம் போடும்போது, கமிட்டியின் கவனம் முழுவதும் கட்டுமானச் செலவிலேயே இருக்கும். திட்டம் தடுக்கி விழுவது பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான். 120 வீடுகள், சுமார் 600 பேர் உள்ள ஒரு கிராமத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் விலைகள் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையை விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிணறு 90 லட்சம் கியாட், பம்பும் அதன் கன்ட்ரோலரும் 60, சோலார் தகடுகள் 100, தூணும் டேங்கும் 110, குழாய்களும் பைப்பும் 80, தண்ணீர்ப் பரிசோதனை 5, எதிர்பாராச் செலவு 35. மொத்தம் 480 லட்சம். கடைசி இரண்டையும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது முதல் தவறு. தோண்டிய கிணற்றில் நீர் வராமலோ, ஆர்செனிக் அளவு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியோ இருந்தால் வேறு இடத்தில் தோண்ட வேண்டியிருக்கும். ஆர்செனிக் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. ஆகவே பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை டேங்கு கட்டும் பணத்தைத் தொடாதீர்கள்.

அடுத்தது ஊர்ப் பங்கு. உதவி தருபவர் 20 சதவீதம் கேட்டால் 96 லட்சம். "ஆள் வேலை நாங்களே செய்கிறோம், அதற்கு 40 லட்சம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுப்பது வழக்கம். பைப் புதைக்க வெட்டும் பள்ளத்தை அளந்து பாருங்கள். 600 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 144 கன மீட்டர் மண். ஓர் ஆள் நாளுக்கு 2 கன மீட்டர் வெட்டினால் 72 ஆள்நாள். நாள் கூலி 10,000 கியாட் என்றால் அது 7 லட்சத்து 20 ஆயிரம்தான். மீதி 33 லட்சம் எழுத்தில் இருக்கும், கையில் இருக்காது. சிமெண்ட் வாங்கும் நாளில்தான் அது தெரியவரும். நாற்று நடும் மாதங்களில் பள்ளம் வெட்ட ஆள் கிடைக்காது. ரொக்கத்தை அறுவடை முடிந்து நெல் விற்ற கையோடு வாங்குங்கள், வெட்டும் வேலையைக் கோடையில் வையுங்கள்.

பராமரிப்பு நிதிதான் பெரிய விஷயம். பம்ப் ஓட்டுபவருக்கு மாதம் ஒரு லட்சம், 120 வீடு, வீட்டுக்கு 833. சரி, ஆயிரமாக வைப்போம் என்று முடித்துவிடுவார்கள். ஆண்டுச் செலவை முழுதாக எழுதினால் நிலைமை வேறு. ஓட்டுபவருக்கு 12 லட்சம், குழாய் வால்வு மாற்ற 3, டேங்கு தூண் பராமரிக்க 2, பரிசோதனைக்கு 1, ஐந்தாண்டுக்கொருமுறை கிணறு கழுவ 5 லட்சம் என்றால் ஆண்டுக்கு 1. பம்பும் கன்ட்ரோலரும் ஆறு ஆண்டு உழைக்கும் என்று வைத்தால், புதிது வாங்க ஆண்டுக்கு 10. ஆக 29 லட்சம். 120 வீடும் கட்டினால் மாதம் சுமார் 2,015. ஆனால் எல்லா வீடும் கட்டாது. 102 வீடு கட்டும் என்று எடுத்தால் 2,370 வரும், 2,400 என்று வையுங்கள். ஆயிரம் கியாட் வசூலில் எல்லா வீடும் கட்டினாலும் ஓட்டுபவர் சம்பளம் போக ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம்தான் மிஞ்சும். அது குழாய் வால்வு செலவுக்கே போதாது. ஆறாம் ஆண்டு பம்ப் நின்றால், ஊர் மறுபடியும் குளத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்த 2,400-ஐ ஆறு ஆண்டுக்கும் அப்படியே வைத்திருப்பதும் தவறுதான். பம்ப் வெளிநாட்டுச் சரக்கு. 2012 ஏப்ரலில் அதிகாரபூர்வ விலை ஒரு டாலருக்கு 818 கியாட். 2022 ஆகஸ்டில் 2,100. அந்தப் போக்கில் பெட்டியில் தூங்கும் 60 லட்சம், வாங்கப் போகும் நாளில் பாதிப் பம்புக்குச் சற்று மேல்தான் வரும். ஒவ்வோர் ஆண்டும் அறுவடைக்குப் பின் அதே பம்புக்குப் புது விலை கேட்டு, மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்து, கட்டணத்தைத் திருத்துங்கள். பணம் சேர்ந்ததும் வால்வு, குழாய், மிதவை சுவிட்ச் போன்றவற்றை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். மாற்றுப் பம்பும் வாங்கலாம், ஆனால் சும்மா கிடக்கும் பம்பின் தண்டு இறுகிப்போகும். மாதம் ஒருமுறை கையால் சுற்றிவிட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

தண்ணீர்ப் பணத்தைக் கோயில் பணத்தோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். தீமிதிக்கு அவசரமாகக் கை வைத்தால், அப்புறம் திருப்பி வைக்கச் சொல்லி யாரும் யாரையும் கேட்க முடியாது. கேட்டால் சாமிக்குச் செலவு செய்ததைக் கேட்பது போலாகிவிடும். தனிப் பெட்டி, மூன்று பேர் சாவி, வரவு செலவு மாதந்தோறும் டேங்குத் தூணிலேயே ஒட்டப்படட்டும். முதல் மூன்று மாதக் கட்டணத்தை வால்வைத் திறக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். தண்ணீர் வந்தபின் கேட்டால் பாதி வீடுகள் அடுத்த மாதம் என்றே சொல்லும்.