ஏலக்காய்க் கடை மெயில்களை சாட்பாட் வைத்துப் பிரிப்பது எப்படி

போடியில் எங்களுடையது சின்ன ஏலக்காய்க் கடை. மலைக்கு அந்தப் பக்கமிருந்தும் நிறைய மெயில் வரும். தமிழ், ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் மலையாளம் என்று எல்லாம் கலந்திருக்கும்.

முதலில் பழைய மெயில் 50 எடுத்து, நீங்களே வகை எழுதி வையுங்கள். அதுதான் விடைத்தாள். அப்புறம் போன் நம்பர், முகவரி எல்லாம் நீக்கிவிட்டு, எண் போட்டு, 20 20 மெயிலாக இந்தக் கட்டளையோடு சாட்பாட்டில் ஒட்டுங்கள்:

```
ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரே ஒரு வகை:
ஆர்டர் / விலை / டெலிவரி / புகார் / மற்றவை
நிலை: ஒரே விஷயம், தெளிவு = உறுதி
இரண்டு விஷயம் அல்லது குழப்பம் = சந்தேகம்
ஆதாரம்: மெயிலில் உள்ள தொடர்ச்சியான
சில சொற்கள், மாற்றாமல்
வடிவம்: எண் | வகை | நிலை | ஆதாரம்
```

நிலைக்கு ஏன் சதவீதம் கேட்கவில்லை என்றால், நான் முதலில் அதைத்தான் கேட்டேன். "போன தடவை 8 எம்எம் காய் வந்தது, இப்போது சின்னதாக இருக்கிறது, இன்னும் 5 கிலோ அனுப்புங்கள்" என்று மலையாளத்தில் ஒரு மெயில். அதை ஆர்டர் என்று பிரித்து, 95 சதவீதம் உறுதி என்றும் போட்டது. காய் சிறுத்துப்போன புகார் அப்படியே விட்டுப்போனது. அந்த 95 அளந்து வந்த எண் இல்லை, வகையை எழுதுவது போலவே அதையும் எழுதிவிடுகிறது. அதனால்தான் எது உறுதி, எது சந்தேகம் என்று நாமே விதி சொல்லிவிட வேண்டும்.

விடையை | குறியில் பிரித்து ஷீட்டில் ஒட்டுங்கள். A எண், B மெயில், C வகை, D நிலை, E ஆதாரம். F-ல் இது:

```
=AND(TRIM(E2)<>"",ISNUMBER(FIND(TRIM(E2),B2)))
```

FALSE வந்தால் அந்தச் சொற்கள் மெயிலில் அப்படியே இல்லை என்று அர்த்தம். சில நேரம் எழுத்துக்கூட்டலைத் திருத்தி எழுதியிருக்கும், சில நேரம் இல்லாததையே எழுதியிருக்கும். ஆனால் TRUE வந்தாலே வகை சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன மெயிலில் "5 கிலோ" என்று ஆதாரம் காட்டினாலும் TRUE தான் வரும்.

ஆள் பார்க்க வேண்டிய வரிசைக்கு மூன்று வகை மெயில் போகும்: சந்தேகம் என்று வந்தது, FALSE வந்தது, புகார் என்று வந்தது எல்லாமே. புகாரை உறுதி என்று சொன்னாலும் விடுவதில்லை, பதில் தாமதமானால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். எங்கள் கடையில் மதினிதான் காலையில் இந்த வரிசையைப் பார்ப்பார். கூடவே உறுதி என்று வந்ததிலும் கண்ணை மூடிப் பத்து எடுத்துப் படிப்பார், விட்டுப்போன புகார் அங்கேதான் அகப்படும்.

திருத்தத்தை C-யில் அடித்து எழுதாமல் G-யில் எழுதுங்கள், அப்போதுதான் எதை எதுவாக மாற்றி எழுதுகிறது என்று தெரியும். ஒரே தவறு மூன்று தடவை வந்தால் அந்த மெயிலைக் கட்டளையில் உதாரணமாகச் சேர்த்துவிட்டு, அந்தப் பழைய 50-ஐயும் மறுபடி ஓட்டி விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டெலிவரியைச் சரிசெய்யப் போய் விலை கெட்டுப்போவது எங்களுக்கே நடந்திருக்கிறது.