பழைய பிரிட்ஜ் வாங்க முன் மின் பில்லைப் பாருங்கள்

கிளிநொச்சியில் பிரிட்ஜ், ஏசி திருத்துகிற என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பிள்ளைகள். கதவை அடிக்கடி திறக்காதே, சூடான கறியை உள்ளே வைக்காதே என்று நான் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதெல்லாம் வீட்டிலேயே அம்மாமார் சொல்லிவிடுவார்கள். மாதாமாதம் காசைத் தின்கிற பிழை, பொருளை வாங்கும் நாளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

மலிவு என்று பழையதை வாங்குவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பரந்தன் பக்கம் ஒரு தம்பி, கலியாணம் முடித்த கையோடு 45,000 ரூபாய்க்குப் பழைய இரட்டைக் கதவுப் பிரிட்ஜ் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். அதே அளவில் புதிய இன்வேர்ட்டர் பிரிட்ஜுக்குக் கடையில் 130,000 கேட்டார்களாம். "அண்ணை, 85,000 மிச்சம் பிடிச்சிட்டன்" என்றார். இரண்டு மாதம் கழிய அதே ஆள் பில்லோடு வந்து, மீற்றர் பிழையாக ஓடுகிறதா என்று கேட்டார். மீற்றரில் ஒரு பிழையும் இல்லை.

பிரிட்ஜ் வர முன்னர் அவருடைய வீட்டில் மாதம் 35 யூனிட் அளவில்தான் போனது: நாலு லைற், ஒரு பேன், ஒரு ரீவி. 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டண அட்டவணைப்படி கணக்குப் பார்ப்போம். மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு முதல் 30 யூனிட் தலா 6 ரூபாய், அடுத்த 30 தலா 9 ரூபாய், நிலையான கட்டணம் 250. அவருடைய பில் 475 ரூபாய்.

பழைய பிரிட்ஜ் ஒரு நாளைக்கு 2 யூனிட் இழுத்தது, மாதம் 60. மொத்தம் 95 யூனிட். இங்கேதான் பலருக்குத் தெரியாத விசயம் இருக்கிறது. 60ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 6க்கும் 9க்கும் கிடைத்த அந்த முதல் 60 யூனிட்டும் தலா 15 ரூபாயாக மாறிவிடும். 61 முதல் 90 வரை தலா 18, 91 முதல் 120 வரை தலா 30. நிலையான கட்டணமும் 90ஐத் தாண்டியவுடன் 1,000 ஆகிறது. கூட்டிப் பாருங்கள்: 900, 540, 150, 1,000. மொத்தம் 2,590 ரூபாய்.

இனி அவர் புதியதை வாங்கியிருந்தால்? எங்கள் வெக்கையிலும் அந்த அளவு இன்வேர்ட்டர் பிரிட்ஜ் ஒன்று நாளைக்கு முக்கால் யூனிட்டோடு நிற்கும். மாதம் 23 என்று வையுங்கள். 35உம் 23உம் 58, அதாவது 60க்குள்ளேயே. பில் 682 ரூபாய்.

இரண்டுக்கும் மாதம் 1,908 ரூபாய் வித்தியாசம், வருடத்துக்கு 22,896. மிச்சம் பிடித்த 85,000 நாலு வருடம் முடிய முன்னமே மின்சார சபைக்குப் போய்விடும். பத்து வருடம் பாவித்தால் 228,960 ரூபாய். கம்பிரசர் மாற்றுகிற செலவு, காஸ் அடிக்கிற செலவு ஒன்றையும் இதில் நான் சேர்க்கவில்லை.

2024இற்குப் பிறகும் கட்டணம் இறங்கியது, ஏறியது. 60இல் இருக்கிற அந்தப் படி மட்டும் போகவில்லை. உங்கள் கையிலுள்ள கடைசிப் பில்லின் விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். புதியதை வாங்கியவரும் கவனமாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பேன் இரவு பகலாக ஓடி 61 யூனிட் ஆனால், மேலே சொன்ன அட்டவணைப்படி அந்த ஒற்றை யூனிட்டுக்காக 700 ரூபாய் பில் 1,318 ஆகும். ஏற்கெனவே 180 யூனிட்டுக்கு மேல் போகிற வீடு என்றால் கணக்கு வேறு. அங்கே 60 என்ற படி பொருட்டில்லை, ஆனால் கூடுதலாகப் போகிற ஒவ்வொரு யூனிட்டும் அந்த 2024 அட்டவணைப்படி 65 ரூபாய்.

பழைய பெட்டி ஏன் இவ்வளவு இழுக்கிறது? பலரும் கம்பிரசரைத்தான் குற்றம் சொல்வார்கள். பாதிக் காரணம் சுவருக்குள் இருக்கிறது. உள்ளே அடைத்திருக்கிற போம் வருடக் கணக்கில் ஈரம் குடித்து, குளிரைத் தாங்கும் தன்மையை இழந்துவிடும். அதைத் திருத்த முடியாது. அதற்கு மேல், திருத்தி விற்கிற சிலர் கையில் கிடைத்த பெரிய கம்பிரசரைப் பூட்டி, காஸையும் கண் மட்டத்தில் அடித்துவிடுவார்கள். குளிர் நன்றாக வரும். வாங்குகிறவர் ஐஸைத் தொட்டுப் பார்த்துச் சந்தோசமாகக் காசைக் கொடுத்துவிடுவார். குளிர் வருகிறதா என்று பார்ப்பது போதாது, கம்பிரசர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 110 வாற் இழுக்கிற கம்பிரசர் ஒரு நாளில் 18 மணித்தியாலம் ஓடினாலே 2 யூனிட்.

யாராவது இன்வேர்ட்டர் இல்லாத பழையதைத் தருகிறேன் என்றால், முதல் நாளே போட்டு வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் போய், கதவைத் திறக்காமல் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருங்கள். அந்த நேரத்துக்குள் கம்பிரசர் ஒருமுறைகூட நிற்காவிட்டால் வேண்டாம். வெளிச்சுவரைக் கையால் தடவுங்கள். இளஞ்சூடாக இருந்தால் பயமில்லை, பல பெட்டிகளில் சூட்டை வெளியேற்றும் குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது. சில்லென்று குளிர்ந்து வியர்த்திருந்தால் அந்த இடத்தில் போம் செத்துவிட்டது. கதவு ரப்பர் கிழிந்திருந்தால் மட்டும் யோசிக்காதீர்கள், அது மாற்றக்கூடிய சாமான்.

வீட்டில் ஏற்கெனவே பழையது இருக்கிறவர்கள், கோயில் திருவிழாவுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ ஒரு நாள் முழுக்க வெளியே போகும்போது மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலம் கழித்து வந்து பாருங்கள். கதவு திறக்காத நாளிலேயே ஒன்றரை யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தால், அந்தப் பெட்டிக்கு இனிக் காசு செலவழித்துத் திருத்தாதீர்கள். என்னிடம் கொண்டு வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

இரவில் பிரிட்ஜை நிற்பாட்டுவது

காலையில் அதே குளிரை எடுக்க மறுபடி ஓடும். பாலும் கெடும்.

அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது

விறகடுப்புக் குசினியில் வைத்தால் புதிய பெட்டியும் பழையதைப் போலத்தான் ஓடும். விறாந்தையோ ஹோலோ, வெயில் படாத சுவரோரம், பின்பக்கம் ஒரு சாண் விட்டு வையுங்கள்.

ஏசி

சீற் கூரைக்குக் கீழே, சீலிங் அடிக்காமல் பூட்டாதீர்கள். சீலிங்குக்குக் காசு இல்லையென்றால் ஏசிக்கும் காசு இல்லை. பகல் முழுக்கச் சூடேறிய சீற் இரவு எட்டு மணிக்கும் அறைக்குள் வெக்கையைக் கொட்டும். அந்த வெக்கையை இன்வேர்ட்டர் ஏசியும் முழு வேகத்தில் நின்றுதான் இறைக்க வேண்டும். அதில் போகிற யூனிட்டுகளில் பெரும்பகுதி, அந்த 2024 அட்டவணையில் தலா 42 ரூபாய்க்கும் 65 ரூபாய்க்கும் கணக்கிடப்பட்ட யூனிட்டுகள். முதலில் சீலிங் அடியுங்கள். அதற்குப் பிறகும் படுக்க முடியாத வெக்கை என்றால் அறையை அளந்துகொண்டு வாருங்கள், எத்தனை பிரியூ அளவு ஏசி வேண்டும் என்று பார்ப்போம்.